எந்தப் புழு, எந்த வாசல்?

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒட்டுண்ணியியலில் தவறாமல் சந்திக்கும் ஒரு கேள்வி உண்டு. ராயபுரம் ஸ்டான்லியில் படித்தாலும் மதுரையில் படித்தாலும் அதே கேள்விதான். தாளின் இடப்பக்கத்தில் புழுக்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வலப்பக்கத்தில் வாய், தோல், கொசுக்கடி என்று அவை உடம்புக்குள் நுழையும் வழிகள் இடம் மாறிக் கிடக்கும். கீழே ஒரே சொல்: பொருத்துக.

அடுத்து வரும் கேள்வி அதைவிடக் கடினமானது. இந்தப் புழு எந்தப் பருவத்தில் மனிதனைத் தொற்றும்? முட்டையாக இருக்கும்போதா, இளம்புழுவாக இருக்கும்போதா? முட்டைதான் என்றால் எந்த முட்டை, இன்று வெளியே வந்ததா, மூன்று வாரம் மண்ணில் கிடந்ததா? பாதிப் பேர் மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். மதிப்பெண் போனால் போகட்டும். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தெரியாத ஊர், எந்த வாசலை அடைப்பது என்று தெரியாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கும்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நடந்தால், தேர்வுத்தாளில் இருக்கும் எல்லா வாசல்களும் கண்ணில் படும். பிள்ளைகள் விளையாடும் குப்பத்து மணல், பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் கழிவறை, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு, பக்கிங்காம் கால்வாயின் நகராத கறுப்புத் தண்ணீர், வீட்டுக்கு வீடு கேட்கும் இருமல். இந்த இருமலுக்கும் புழுவுக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? அங்கேதான் வரப்போகிறோம்.

நாக்குப்பூச்சி: முட்டைக்குத் தேவைப்படும் மூன்று வாரம்

வடசென்னை வீடுகளில் "வயித்துல பூச்சி" என்றால் பெரும்பாலும் நாக்குப்பூச்சிதான். மருத்துவர்கள் இதை அஸ்காரிஸ் என்பார்கள், பாடப்புத்தகம் உருளைப்புழு என்று சொல்லும். பெண்புழு ஒரு சாண் நீளத்தைத் தாண்டி வளரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டைகள் இடும்.

அந்த முட்டைகள் மலத்தோடு வெளியே வரும் நாளில் யாரையும் தொற்றுவதில்லை. புதிதாக வந்த முட்டைக்குள் பிளவுபடாத ஒற்றைச் செல்தான் இருக்கிறது. அதை அப்படியே விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே ஓர் இளம்புழு உருவான பிறகுதான் அது தொற்றும் முட்டை ஆகிறது. எனவே தேர்வுத்தாளில் "அஸ்காரிஸின் தொற்றும் பருவம்: முட்டை" என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். "இளம்புழு உருவான முட்டை" என்பதே முழு விடை.

இந்த நுணுக்கத்திலிருந்து நேராக ஒரு பயன் கிடைக்கிறது. நாக்குப்பூச்சி உள்ள பிள்ளையைத் தொட்டால், கட்டிப்பிடித்தால், பக்கத்தில் படுத்தால் அது ஒட்டாது. இன்றைய மலம் இன்றைக்கே மூடிய குழிக்குள் போய்விட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சந்தில், மணலில், சுவரோரத்தில் மூன்று வாரம் கிடக்க இடம் கொடுத்தால்தான் அது ஆபத்து. ஆளைவிட இடம்தான் முக்கியம்.

விழுங்கிய பிறகு அந்த முட்டை போகும் பாதையைத்தான் மாணவர்கள் தலைகீழாக மனப்பாடம் செய்கிறார்கள். சிறுகுடலில் முட்டை பொரிகிறது. ஆனால் இளம்புழு அங்கே தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரலுக்கும் இதயத்துக்கும் போய் நுரையீரலில் இறங்குகிறது. அங்கே பத்து நாள் போல வளர்ந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறுகிறது. இருமும்போது அதை நாமே மறுபடி விழுங்குகிறோம். இரண்டாம் முறை குடலுக்கு வந்த பிறகுதான் அது பெரிய புழுவாகிறது. முட்டையை விழுங்கியதிலிருந்து புதிய முட்டைகள் மலத்தில் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

குடலில் பிறந்த புழு குடலுக்கே வர இப்படி நுரையீரலைச் சுற்றுகிறது என்பது நம்பக் கடினம்தான். இந்தப் பயணத்தை மனிதரில் காட்டியவர் ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானிய மருத்துவர். 1922இல் அவர் தொற்றும் முட்டைகள் 2,000ஐத் தாமே விழுங்கினார். சில நாளில் காய்ச்சலும் கடும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன, சளியில் இளம்புழுக்கள் தென்பட்டன. பிறகு பூச்சி மருந்து சாப்பிட்டபோது 667 புழுக்கள் வெளியே வந்தன.

மருத்துவர்கள் ஏமாறுகிற இடமும் இதுதான். இளம்புழு நுரையீரலில் இருக்கும் அந்த நாட்களில் மலப் பரிசோதனை செய்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் முட்டையிடும் புழு இன்னும் குடலில் இல்லை. "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று நம் பாட்டிமார் சொல்வது உண்டு. சர்க்கரையில் புழு முட்டை கிடையாது. ஆனால் மணலில் விளையாடிய கையோடு கடலை மிட்டாயை வாங்கித் தின்னும் பிள்ளைக்குப் பூச்சி வருகிறது. குற்றம் மிட்டாயுடையது அல்ல, நகக்கண்ணுடையது. நாக்குப்பூச்சி முட்டையின் வெளித்தோல் பிசுபிசுப்பானது. கையிலும் நகத்திலும் கீரையிலும் ஒட்டிக்கொள்ளும். சும்மா தண்ணீரில் அலசினால் போகாது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிதண்ணீரில் கலக்கும் அளவுக்கான குளோரின் இந்த முட்டையைக் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வருகிறதே என்று அதை நம்பிக் கொதிக்க வைக்காமல் குடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழவேற்காட்டில் எண்ணிப் பார்த்த புழுக்கள்

நாக்குப்பூச்சியைப் பற்றி உலகம் கற்ற ஒரு முக்கியமான பாடம், எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிப் பகுதியில் உள்ள வைரவன்குப்பம் என்ற மீனவ கிராமத்தில் கிடைத்தது. வடசென்னையிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான். 1980களில் எல்கின்ஸ், ஹாஸ்வெல் எல்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் குப்பத்தில் வேலை செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து எழுதியவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராய் ஆண்டர்சன், தொற்றுநோய்க் கணிதத்தில் பெரும் பெயர். கட்டுரைகள் 1986 முதல் வெளிவந்தன.

அவர்கள் செய்த வேலை கேட்க எளிது, செய்யக் கடினம். மலத்தில் முட்டையைத் தேடிப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஊராருக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரிடமிருந்தும் வெளியேறிய மலத்தைத் தனித்தனியாகச் சேர்த்து, அலசி, உள்ளே இருந்த புழுக்களை எண்ணினார்கள். எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. யாருக்கு எத்தனை புழு இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

புழுக்கள் ஊராரிடையே சமமாகப் பரவியிருக்கவில்லை. பெரும்பாலானவர்களிடம் சில புழுக்கள்தான். சிலரிடம் மட்டும் ஏராளமாக. ஊரின் மொத்தப் புழுக்களில் பெரும்பங்கு அந்தச் சிலரின் குடலில் குடியிருந்தது. மாதங்கள் கழித்து மறுபடி மருந்து கொடுத்து மறுபடி எண்ணினார்கள். புழுக்கள் திரும்ப வந்திருந்தன. முதல் தடவை யாரிடம் அதிகம் இருந்ததோ, பெரும்பாலும் அவர்களிடமே மறுபடியும் அதிகம் ஏறியிருந்தது. நாக்குப்பூச்சியில் மட்டுமல்ல, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி, சாட்டைப்புழு ஆகியவற்றிலும் இந்தப் போக்கு தெரிந்தது.

இதன் பொருளை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் குடலில் இருபது நாக்குப்பூச்சிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி பெண் என்றால் பத்து. ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு லட்சம் முட்டை, மொத்தம் இருபது லட்சம். அதில் லட்சத்தில் ஒன்று மட்டும் மண்ணில் பிழைத்து யாரோ ஒருவர் வாய்க்குப் போகிறது என்றாலும், ஒரு நாள் மலத்துக்கு இருபது புதிய தொற்று. ஆனால் மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். சந்து மண்ணில் ஏற்கனவே கிடக்கும் முட்டைகளை அது தொடுவதில்லை, அவை மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். வைரவன்குப்பத்தில் புழுக்கள் திரும்பி வந்ததில் மர்மம் எதுவும் இல்லை. வீட்டைக் கூட்டினார்கள், வாசல் திறந்தே கிடந்தது.

சிலருக்கு மட்டும் ஏன் மீண்டும் மீண்டும்? வீடும் இடமும் பழக்கமும் ஒரு பங்கு, உடலின் எதிர்ப்புத்திறன் ஒரு பங்கு என்று பிற்காலக் கட்டுரைகளில் அலசியிருக்கிறார்கள். எந்தக் காரணமானாலும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான். வருடா வருடம் ஒரே வீட்டுப் பிள்ளைக்கே பூச்சி விழுகிறது என்றால், அந்தப் பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டு அந்த வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்க வேண்டும்.

கொக்கிப்புழுவுக்கு வேறு வாசல்

அதே மணல், அதே குப்பம். ஆனால் கொக்கிப்புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. மலத்தில் வெளியேறும் அதன் முட்டை ஓரிரு நாளில் மண்ணிலேயே பொரிந்து இளம்புழுவாகிறது. அந்த முதல் இளம்புழு தொற்றாது. ஒரு வாரம் போல மண்ணில் தின்று வளர்ந்து, வாயை மூடிக்கொண்டு இழைபோல நீளும் மூன்றாம் பருவமே தொற்றும் பருவம். அது தின்பதில்லை, காத்திருக்கிறது. செருப்பில்லாத கால் பட்டால் விரலிடுக்கு வழியே தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அந்த இடத்தில் அரிக்கும், சேற்றுப்புண் என்று நினைத்து எண்ணெய் தடவுவார்கள். பிறகு அதே ரத்தம், நுரையீரல், தொண்டை, குடல் என்ற பயணம். குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

தோல் வழி நுழைவது தெரிந்தது ஒரு தற்செயலால். 1890களின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் இளம்புழு வளர்த்த தண்ணீரைத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது. சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தில் கொக்கிப்புழு முட்டையைப் பார்த்தார். அதுவரை எல்லோரும் வாய் வழி என்றே நம்பியிருந்தார்கள்.

தேர்வில் வரும் பொறி இது: எல்லாக் கொக்கிப்புழுவும் தோல் வழிதானா? முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் நெக்கேட்டர் தோல் வழியாகத்தான் வரும். அன்கிலோஸ்டோமா என்ற இன்னொன்று இளம்புழு ஒட்டிய கீரையைத் தின்றாலும் வந்துவிடும். ரத்தம் குடிப்பதிலும் வேறுபாடு உண்டு. ஒரு நெக்கேட்டர் நாளுக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சும், அன்கிலோஸ்டோமா அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சும்.

இந்த வாசலை அடைக்க சோப்பு உதவாது. செருப்பும் கழிவறையும்தான் உதவும். இளம்புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், வெயிலில் காய்ந்தாலோ உப்புத் தண்ணீர் பட்டாலோ சாகும். அதனால் அலை நனைக்கும் கரையைவிட, ஒதுக்குப்புறமாகப் போய்வரும் மரத்தடியும் புதரடியும்தான் கவனிக்க வேண்டிய இடம். இன்னொரு வித்தியாசம்: நாக்குப்பூச்சி பிள்ளைகளிடம் அதிகம் சேரும், கொக்கிப்புழு பெரியவர்களிடமும் குறையாமல் இருக்கும். பள்ளியில் மட்டும் மாத்திரை கொடுத்தால் கொக்கிப்புழுவில் பாதியைத் தொடாமல் விட்டதாகிவிடும். இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதிக்கத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, டீவோர்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வில் பங்கேற்று, திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊர் முழுவதற்கும் வருடத்துக்கு இரு முறை மாத்திரை கொடுத்துப் பார்த்தது.

கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டாம். ராத்திரி பிள்ளை பின்பக்கத்தைச் சொறிகிறது என்றால் அதுதான். பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், அந்த முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நகம், பாய், தலையணை, பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி என்று வீட்டுக்குள்ளேயே சுற்றும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. காலையில் குளிக்கும் முன் ஒட்டுநாடாவை அந்த இடத்தில் ஒற்றி எடுத்துப் பார்த்தால் தெரியும். மருந்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் வீண்.

கால்வாயிலிருந்து வரும் இருமல்

இப்போது கொசு வாசல். யானைக்கால் நோயைத் தரும் புழு மலத்தோடு சம்பந்தமே இல்லாதது. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வாழ்கின்றன. அவை ஈனும் மைக்ரோஃபைலேரியா என்ற நுண்புழுக்கள் ரத்தத்தில் மிதக்கின்றன. பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் வெளி ரத்தத்துக்கு வரும். இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சுகிறது. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் போல அழுகிய நீர் தேங்கும் இடமெல்லாம் இந்தக் கொசுவுக்குத் தொட்டில். டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத் தேடும், இது சாக்கடையைத் தேடும்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் கேள்வி இதுதான். மனிதனைத் தொற்றும் பருவம் மைக்ரோஃபைலேரியாவா? இல்லை. அது கொசுவைத் தொற்றும் பருவம். கொசுவின் மார்புத் தசையில் பத்து முதல் பதினான்கு நாள் வளர்ந்து மூன்றாம் பருவ இளம்புழு ஆன பிறகுதான் மனிதனைத் தொற்றும். மைக்ரோஃபைலேரியா உள்ள ரத்தத்தை ஒருவருக்கு ஏற்றிவிட்டாலும் அவை வளர்ந்து பெரிய புழு ஆவதில்லை. நடுவில் கொசு இல்லாமல் இந்த வாழ்க்கைச் சுழற்சி நகராது.

பெரிய மேதையே இந்த வாசலைத் தவறாகக் கணித்திருக்கிறார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மான்சன் கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டுபிடித்தார். ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று முடிவு கட்டினார். 1900இல் ஜார்ஜ் லோ கொசுவின் உறிஞ்சுகுழலில் இளம்புழுவைக் காட்டிய பிறகுதான் விடை திருந்தியது. கொசு ஊசிபோல ஏற்றுவதும் இல்லை. கடிக்கும்போது இளம்புழு குழலிலிருந்து நழுவித் தோலில் விழுந்து, கடித்த துளை வழியே தானே ஊர்ந்து நுழைகிறது. நிறைய இளம்புழுக்கள் வழியிலேயே சாகும். ரங்கூனில் 1960களில் செய்த ஒரு மதிப்பீட்டின்படி ஒரு புதிய மனிதரின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா தோன்ற, தொற்றுள்ள கொசுவின் கடிகள் ஏறத்தாழ 15,500 தேவைப்பட்டன. ஒரு ராத்திரி வந்து தங்கிய விருந்தாளிக்கு இந்த நோய் வராது. கால்வாயோரத்திலேயே வருடக்கணக்கில் குடியிருப்பவருக்குத்தான் வரும்.

இந்தப் புழுவுக்கு இன்னொரு முகம் உண்டு, வடசென்னைக்கு அது முக்கியம். சிலரின் உடம்பு மைக்ரோஃபைலேரியாவை அளவு மீறி எதிர்க்கிறது. அவை நுரையீரலில் சிக்கி அழிகின்றன. கால் வீங்காது, ரத்தத்தில் புழு தெரியாது. வருவது ராத்திரி இருமல், வீசிங், இளைப்பு, மெல்லிய காய்ச்சல். மருத்துவர்கள் இதை டிராபிகல் இயோசினோபிலியா என்கிறார்கள். 1940இல் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் முல்லரும் பார்ட்டனும், காசம் போலத் தோன்றி காசமல்லாத ஒரு நிலை என்று விவரித்ததும் இதைத்தான். பிற்காலத்தில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயன் முதலானோர் நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்து, உள்ளே இயோசினோபில் செல்கள் குவிந்து கிடப்பதைக் காட்டினார்கள்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் இருமல் என்றால் முதலில் புகையையும் சாம்பலையும்தான் சந்தேகிக்கிறோம். அந்தச் சந்தேகம் நியாயமானது. அடுத்து ஆஸ்துமா, அடுத்து காசம். ஆனால் ஒரு துறைமுகத் தொழிலாளி மாதக்கணக்கில் ராத்திரியில் மட்டும் இருமுகிறார், இன்ஹேலர் முழுசாக உதவவில்லை, சளியில் காசக் கிருமி இல்லை என்றால், ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இந்த நோயில் அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000ஐத் தாண்டி நிற்கும். டீஇசி என்ற மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இருமல் அடங்குகிறது. விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும், அப்போது மாத்திரை பயன்படாது. நோய் அரிதுதான், ஆனால் தேடினால் மட்டுமே கிடைக்கும். மருந்தை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், ஏனென்றால் இயோசினோபில் ஏற வேறு புழுக்களும் காரணமாகலாம்.

இரண்டு விடைகள் உள்ள கேள்வி

பட்டியலில் கடைசியாகப் பன்றி நாடாப்புழு. இதற்கு மட்டும் தேர்வில் இரண்டு விடை உண்டு. சரியாக வேகாத பன்றிக்கறியில் உள்ள நீர்க்கட்டிப் பருவத்தை ஒருவர் தின்றால், அவர் குடலில் பல அடி நீள நாடாப்புழு வளரும். தொந்தரவு அவ்வளவாக இராது. ஆனால் அந்த நாடாப்புழு இடும் முட்டையை ஒருவர் விழுங்கினால், குடலில் புழு வளராது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் நீர்க்கட்டியாகத் தங்கும். மூளையில் தங்கினால் வலிப்பு. ஒரே புழுதான். எந்தப் பருவத்தை விழுங்கினோம் என்பதைப் பொறுத்து நோய் வேறு. இந்த முட்டை நாக்குப்பூச்சி முட்டையைப் போல மண்ணில் காத்திருக்கவும் தேவையில்லை, வெளியே வரும்போதே தொற்றும்.

கறியே தொடாதவருக்கு மூளையில் பன்றிப் புழு எப்படி வரும் என்று குடும்பங்கள் அதிர்ந்து போவது இதனால்தான். முட்டை வருவது பன்றியிடமிருந்து அல்ல, குடலில் நாடாப்புழு உள்ள இன்னொரு மனிதரின் கையிலிருந்து, அவர் தொட்ட சாப்பாட்டிலிருந்து. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றிக்கறி உண்ணாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு இந்த நோய் வந்தது. தேடிப் பார்த்ததில், வீட்டில் சமைக்க வந்தவர்கள் நாடாப்புழு உள்ள பகுதிகளிலிருந்து வந்திருந்தார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1980களில் இந்தியா முழுவதும் வலிப்போடு வந்தவர்களின் சிடி ஸ்கேனில் ஒற்றைச் சிறு புள்ளி தெரிந்தது. மூளைக் காசம் என்று நினைத்து மாதக்கணக்கில் காச மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி முதலானோர் அந்தப் புள்ளிகளை அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை இந்தப் புழுவின் நீர்க்கட்டிகள் என்று தெரிந்தது. கட்டி ஒன்றே ஒன்று, அளவு 20 மில்லிமீட்டருக்குள், மூளையை ஒரு பக்கம் தள்ளவில்லை, மூளை அழுத்தத்தின் அறிகுறி இல்லை என்றால் அது பெரும்பாலும் புழுக்கட்டிதான் என்று அவர்கள் வகுத்த அளவுகோல், எத்தனையோ பேரைத் தேவையில்லாத அறுவையிலிருந்தும் காச மருந்திலிருந்தும் காப்பாற்றியது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் ஊர் ஊராகத் தேடியபோது, வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று 2006இல் வெளியிட்டார்கள்.

மாத்திரை நாளுக்குப் பிறகு

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஒன்று முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். 2015இல் தேசிய அளவில் தொடங்கிய திட்டம். இரண்டு வயதுக்குள் 200 மில்லிகிராம், மேலே 400. நாக்குப்பூச்சிக்கு ஒரே மாத்திரை நன்றாக வேலை செய்யும். கொக்கிப்புழுவில் ஓரளவு. சாட்டைப்புழுவுக்கு ஒரு மாத்திரை போதாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலம் போகாமல் தவிக்கும் பிள்ளைக்குப் புழுக்கள் குடலை அடைத்திருக்கலாம், அதற்கு வீட்டில் மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தத் திட்டம் நல்லது, தொடர வேண்டும். ஆனால் அது குடலைத்தான் சுத்தம் செய்கிறது. வடசென்னையில் எந்தப் பகுதியில் எந்தப் பள்ளியில் எந்தப் புழு அதிகம் என்பதை மாநகராட்சி வார்டு வாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். புழு தெரிந்தால்தான் வாசல் தெரியும். நாக்குப்பூச்சி அதிகமுள்ள வார்டுக்குக் கழிவறையும் கழிவுநீர்க் குழாயும் முதலில் போக வேண்டும். இரவு இருமல் அதிகமுள்ள வார்டுக்கு ரத்தப் பரிசோதனையும் கால்வாய் தூர்வாரலும் முதலில் போக வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. பிள்ளை பள்ளியில் மாத்திரை விழுங்கி வந்த நாளிலிருந்து சில நாள் வரை வெளியேறும் மலம் கண்டிப்பாகக் கழிவறையில்தான் போக வேண்டும், மணலிலோ சாக்கடையோரத்திலோ அல்ல. செத்து வெளியேறும் நாக்குப்பூச்சிகளோடு அவற்றின் முட்டைகளும் வருகின்றன, அவை எல்லாம் செத்துப்போவதில்லை.